லேபிளில் இல்லாத பால்

ஐதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் குடியிருக்கும் என் தங்கை, தன் மகனுக்காகத் தேங்காய் ஐஸ்கிரீம் ஒரு டப்பா வாங்கினாள். அவனுக்கு ஐந்து வயது. பசும்பால் ஒவ்வாமை உண்டு என்பதால் பால் கலந்த ஐஸ்கிரீம் எதையும் அவன் சாப்பிட்டதில்லை. இந்த டப்பாவின் மூடியில் ‘பால் சேர்க்காதது’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. பக்கவாட்டில், மூலப்பொருள் பட்டியலுக்குக் கீழே, தடித்த எழுத்தில் ‘கன்டெய்ன்ஸ்: சோயா’ என்று ஒவ்வாமை அறிவிப்பும் இருந்தது. சோயா அவனுக்கு ஒத்துக்கொள்ளும். ஆகவே இரண்டு கரண்டி கொடுத்தாள். பத்து நிமிடத்துக்குள் உதடு தடித்தது, கழுத்திலும் வயிற்றிலும் தடிப்புகள் கிளம்பின, வாந்தி எடுத்தான், பிறகு இருமல் விடாமல் வந்தது. மருத்துவமனையில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டு, இரவு முழுக்க வைத்திருந்து அனுப்பினார்கள்.

மறுநாள் கடைக்குப் போனபோது மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். “மேடம், நாங்க விக்கிறவங்கதானே? கம்பெனியக் கேளுங்க. லாக்டோஸ் பிரச்சனைன்னா லாக்டோஸ் ஃப்ரீ பால் இருக்கு, அதக் குடுங்க” என்றார். அவர் சொன்ன இரண்டு விஷயமும் தவறு. அதனால்தான் நேரில் பேசியதோடு விடாமல் அவள் கடைக்குக் கடிதம் எழுதினாள். முதலில் எழுதியதில் கோபம்தான் இருந்தது, பேட்ச் எண் இல்லை. பிறகு இருவரும் உட்கார்ந்து திருத்தி எழுதினோம். அந்தக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும், ஏன் இருக்க வேண்டும் என்பதற்குப் பின்னால் நிறைய அறிவியல் இருக்கிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் லாக்டோஸ் விஷயம். லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. அதைச் செரிக்கும் நொதி குறைந்தவர்களுக்கு வயிறு உப்பும், பேதி ஆகும். அவதி உண்டு, உயிராபத்து இல்லை. பால் ஒவ்வாமை என்பது பாலின் புரதத்துக்கு எதிராக உடலின் நோய்த்தடுப்பு அமைப்பு காட்டும் எதிர்ப்பு. அந்தப் புரதத்தை அடையாளம் காணும் ஐஜிஇ எதிர்ப்பொருள்கள் தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு காத்திருக்கின்றன. புரதம் வந்து தொட்டதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்டுகின்றன. ரத்தக்குழாய்கள் கசிந்து வீக்கம் வருகிறது, மூச்சுக்குழாய் சுருங்குகிறது, ரத்த அழுத்தம் விழலாம். லாக்டோஸ் நீக்கிய பாலில் புரதம் முழுதாக அப்படியே இருக்கிறது. மேலாளர் சொன்ன யோசனையைக் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை திரும்பவும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கும்.

பாலின் புரதத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கேசின். மீதி, பால் திரிந்த பிறகு தண்ணீரில் நிற்கும் வே புரதங்கள். அவற்றில் முக்கியமானது பீட்டா லாக்டோகுளோபுலின். வே புரதங்கள் நன்றாகச் சூடுபட்டால் உருக்குலைகின்றன. அதனால்தான் சில குழந்தைகள் பாலைக் குடிக்க முடியாவிட்டாலும் பால் சேர்த்து வேகவைத்த கேக்கைத் தாங்குகிறார்கள். கேசின் அப்படியில்லை. கொதிக்கவைத்தாலும் அதன் ஒவ்வாமைத் தன்மை பெரிதாகக் குறைவதில்லை. இந்த வித்தியாசம் பின்னால், சோதனைக்கூடத்தில், மிகவும் முக்கியமாகிவிடும்.

சரி, பால் சேர்க்காத தேங்காய் ஐஸ்கிரீமுக்குள் பால் எப்படி வந்தது? டப்பாவின் மூலப்பொருள் பட்டியலில் தண்ணீர், சர்க்கரை, தேங்காய்ப்பால் பவுடர், தாவரக் கொழுப்பு, சோயா லெசித்தின், நிலைப்படுத்திகள் என்று இருந்தது. என் கண் தேங்காய்ப்பால் பவுடரில் போய் நின்றது.

வீட்டில் பிழிந்த தேங்காய்ப்பாலை அப்படியே பொடியாக்க முடியாது. அதில் கொழுப்பு அதிகம். உலர்த்தினால் எண்ணெய் பிரிந்து பிசுபிசுவென்று கட்டியாகும். தொழிற்சாலையில் தேங்காய்ப்பாலை மிக நுண்ணிய துளிகளாக உடைத்து, சூடான காற்று வீசும் உயரமான உருளைக்குள் தெளித்து உலர்த்துகிறார்கள். அப்போது ஒவ்வொரு கொழுப்புத்துளியின் மேலும் ஒரு படலம் போர்த்தியிருக்க வேண்டும். அந்த வேலைக்குப் பல காலமாகப் பயன்படுவது சோடியம் கேசினேட், அதாவது பாலின் கேசினிலிருந்து எடுத்த உப்பு. அதன் மூலக்கூறில் ஒரு பகுதி கொழுப்பைப் பற்றிக்கொள்ளும், இன்னொரு பகுதி தண்ணீரோடு சேரும். அத்துடன் மால்டோடெக்ஸ்ட்ரினைச் சேர்த்தால் பொடி உதிரியாக வரும்; தண்ணீர் விட்டதும் மறுபடி பாலாகிவிடும். கேசினேட்டுக்குப் பதிலாக மாற்றியமைத்த ஸ்டார்ச் போட்டும் செய்யலாம், அப்படியும் விற்கிறார்கள். இரண்டு பொடியும் வெள்ளை, இரண்டின் மூட்டையிலும் பெரிய எழுத்தில் தேங்காய்ப்பால் பவுடர் என்றுதான் இருக்கும். கேசினேட் இருக்கிறதா என்பது மூட்டையோடு வரும் விவரத்தாளைப் படித்தால்தான் தெரியும்.

இங்கேதான் லேபிள் பிழைகள் பிறக்கின்றன. ஐஸ்கிரீம் செய்பவர் ஸ்டார்ச் போட்ட பவுடரை வைத்து லேபிள் அச்சடித்திருப்பார். பிறகு சரக்கு கிடைக்கவில்லை, அல்லது விலை ஏறியது என்று வேறொருவரிடம் பவுடர் வாங்குவார்கள். கொள்முதல் பிரிவு விலையைப் பார்க்கும். லேபிள் போடுகிறவருக்குச் செய்தி போகாது. அச்சடித்த டப்பாக்கள் ஆயிரக்கணக்கில் கிடங்கில் இருக்கும், அவை தீரும்வரை அதே லேபிள்தான். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, ஆனாலும் அந்தத் தேதியிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு டப்பாவும் தவறான அறிவிப்போடு போகிறது.

அளவைப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, 100 கிராம் ஐஸ்கிரீமில் 6 கிராம் தேங்காய்ப்பால் பவுடர் என்றும், அந்தப் பவுடரில் 2 சதவீதம் கேசினேட் என்றும் வைத்துக்கொள்வோம். 6 கிராமில் 2 சதவீதம் 120 மில்லிகிராம். கேசினேட்டில் பெரும்பகுதி புரதம் என்பதால் சுமார் 110 மில்லிகிராம் பால் புரதம். 10 கிராம் கொள்ளும் ஒரு கரண்டியில் 11 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு, பாலுக்குப் பரிந்துரைத்த ஒப்பீட்டு அளவு 2 மில்லிகிராம் புரதம். பால் ஒவ்வாமை உள்ள நூறு பேரில் ஏறக்குறைய 95 பேரிடம் எந்த அறிகுறியும் காட்டாது, மீதி ஐந்து பேரிடம் காட்டக்கூடும் என்று கருதப்படும் அளவு அது. ஒரே கரண்டியில் அதைப் போல ஐந்து மடங்கு இருக்கிறது. ஆக, ‘கொஞ்சம்தானே சாப்பிட்டான்’ என்பது இங்கே செல்லாது.

அந்த 2 மில்லிகிராமையும் எல்லோருக்கும் பாதுகாப்பான எல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் 1998-இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை இதை நன்றாகக் காட்டுகிறது. மூன்று வயதுச் சிறுவன், பால் ஒவ்வாமை உள்ளவன், எலுமிச்சை சர்பத்தை உறையவைத்த சார்பெட் சாப்பிட்டுக் கடுமையான ஒவ்வாமைக்கு ஆளானான். அதில் பால் எதுவும் சேர்க்கவில்லை. ஆனால் ஐஸ்கிரீம் நிரப்பிய அதே இயந்திரத்தில், வெந்நீரில் அலசிவிட்டு, இதையும் நிரப்பியிருந்தார்கள். அவன் வயிற்றுக்குள் போனது ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான பால் புரதம் என்று கணக்கிட்டார்கள். ஐஸ்கிரீம் இயந்திரத்தில் குழாய் வளைவுகள், வால்வுகள், நிரப்பும் வாய் என்று பால் படிந்து நிற்க இடம் ஏராளம். கொழுப்போடு ஒட்டிய புரதத்தை வெறும் வெந்நீர் எடுத்துவிடாது. காரக் கரைசலும் தேய்ப்பும் வேண்டும்.

ஆகவே பால் உள்ளே வர மூன்று வழிகள். ஒன்று, செய்முறையிலேயே இருந்து லேபிளில் விடுபட்டது. மற்றொன்று, இயந்திரத்தில் ஒட்டியிருந்து கலந்தது. மூன்றாவதாக, வேறு ஐஸ்கிரீமை இந்த டப்பாவில் நிரப்பிவிடுவதும் நடக்கும். கடிதம் எழுதுகிறவர் இதில் எது நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்கத் தேவையான விவரங்கள் கடிதத்தில்தான் இருக்கின்றன, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் திரும்பப் பெறவேண்டிய சரக்கு வேறு. செய்முறைப் பிழை என்றால் பவுடர் மாறிய நாளிலிருந்து எல்லா பேட்சும், எல்லாக் கடையிலும். இயந்திரத்தில் ஒட்டியது என்றால் ஐஸ்கிரீம் ஓட்டத்துக்குப் பிறகு முதலில் நிரம்பிய டப்பாக்களில் அதிகமாகவும் போகப்போகக் குறைவாகவும் இருக்கும். அந்த ஒரு பேட்சே போதுமாகலாம். டப்பா மாறியிருந்தால் திறந்து பார்த்த உடனே நிறத்திலும் மணத்திலும் தெரிந்துவிடும்.

திருத்தி எழுதிய கடிதத்தின் முக்கியப் பகுதி இது:

“உங்கள் கடையில் இம்மாதம் வாங்கிய 500 மில்லி தேங்காய் ஐஸ்கிரீம் டப்பாவின் பில், மூடி, பக்கவாட்டு லேபிள், அடிப்பகுதி ஆகியவற்றின் படங்களை இணைத்துள்ளேன். பேட்ச் எண், தயாரித்த தேதி, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் மூன்றும் படத்தில் தெளிவாக உள்ளன. என் மகனுக்குப் பால் ஒவ்வாமை இருப்பது மருத்துவரால் உறுதி செய்யப்பட்டது. தேங்காயும் சோயாவும் அவன் வாரம் தவறாமல் சாப்பிடுகிறான், எந்தத் தொந்தரவும் இல்லை. அன்று மாலை வேறு புதிய உணவு எதுவும் கொடுக்கவில்லை. சுமார் இரண்டு கரண்டி சாப்பிட்ட பத்து நிமிடத்துக்குள் அறிகுறிகள் தொடங்கின. மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் அறிக்கையை இணைத்துள்ளேன். மீதி ஐஸ்கிரீம் டப்பாவோடு உறைநிலையில் என்னிடம் உள்ளது. இந்த பேட்ச் டப்பாக்களை இன்றே விற்பனையிலிருந்து எடுத்து, அழிக்காமல், திருப்பியும் அனுப்பாமல் தனியே வைக்கவும். தயாரிப்பாளரிடம் தேங்காய்ப்பால் பவுடரின் விவரத்தாளைக் கேட்டுப் பெறவும். இதன் நகல் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்பப்படுகிறது.”

தேங்காயும் சோயாவும் ஒத்துக்கொள்ளும் என்று எழுதியது வீண் விவரம் அல்ல. தேங்காய்ச் சட்னி இல்லாமல் இட்லி இறங்காத பையன் அவன். லேபிளில் சொன்ன பொருள்கள் ஒவ்வொன்றையும் கழித்துவிட்டால், லேபிளில் சொல்லாத ஒன்றுதான் காரணம் என்ற இடத்துக்கு வந்துசேரலாம். கடைக்காரரும் அதிகாரியும் முதலில் கேட்கப்போவது இதைத்தான்: வேறு எதையாவது சாப்பிட்டிருப்பானோ?

டப்பாக்களை அழிக்காமல் வைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. வீட்டில் திறந்த டப்பா சட்டப்படி மாதிரியாக நிற்பது கடினம். அதில் யார் என்ன கலந்தார்கள் என்ற கேள்வி எழும். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி, உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடையில் சீல் உடையாத சரக்கை எடுத்து நான்கு பகுதிகளாக்குகிறார். ஒரு பகுதி உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகிறது, அவர் 14 நாளில் அறிக்கை தரவேண்டும். அதே பேட்ச் கடையில் இல்லாமல் போனால் இந்த வழியே அடைபட்டுவிடும். தெலங்கானாவின் மாநில உணவு ஆய்வகம் நாச்சாரத்தில், ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து அதிகத் தூரமில்லாத இடத்தில்தான் இருக்கிறது.

ஆய்வகத்துக்குப் போனாலும் எதைத் தேடச் சொல்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். பால் ஒவ்வாமைப் புரதத்தைக் கண்டறியப் பெரும்பாலும் பயன்படுவது எலைசா சோதனை. குறிப்பிட்ட ஒரு புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை வைத்து, அது எவ்வளவு இருக்கிறது என்று நிறமாற்றத்தின் மூலம் அளப்பது. சந்தையில் கேசினுக்குத் தனி கிட் உண்டு, பீட்டா லாக்டோகுளோபுலினுக்குத் தனி கிட் உண்டு. சோடியம் கேசினேட்டில் வே புரதம் ஏறக்குறைய இருக்காது. பீட்டா லாக்டோகுளோபுலினை மட்டும் தேடினால், கேசினேட் நிறைந்த ஐஸ்கிரீமுக்கும் ‘கண்டறியப்படவில்லை’ என்று அறிக்கை வரும்! அந்தத் தாளைக் காட்டி எல்லாம் சரி என்று தயாரிப்பாளர் கோப்பை மூடிவிடலாம். மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையும் இதற்கு உதவாது. சுத்திகரித்த பால் புரதத்தில் மாட்டின் டி.என்.ஏ. மிகச் சொற்பம். கேசினைத் தேடும் எலைசாதான் வேண்டும் என்று அலுவலருக்கு அனுப்பிய நகலில் ஒரு வரி சேர்த்தோம். கடிதத்தின் மிகப் பயனுள்ள வரி அதுதான் என்பது என் எண்ணம்.

‘நாங்க விக்கிறவங்கதானே’ என்ற பதிலுக்கு வருவோம். 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிமுறைகள், பசையம் உள்ள தானியங்கள், ஓட்டுடலிகள், பால், முட்டை, மீன், நிலக்கடலையும் மரக்கொட்டைகளும், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேலான சல்பைட் ஆகியவை இருந்தால் ‘கன்டெய்ன்ஸ்’ என்று தனியாக அறிவிக்கச் சொல்கின்றன. சேர்க்காமல், கலந்திருக்க வாய்ப்பு மட்டும் இருந்தால் ‘மே கன்டெய்ன்’ என்று போடலாம். பவுடருக்குள் பவுடராக வந்தாலும் பால் பால்தான். பொய்யான அல்லது தவறாக வழிநடத்தும் லேபிளோடு விற்கும் உணவு, சட்டத்தின் பார்வையில் தவறான அடையாளமிட்ட உணவு. சட்டத்தின் 27-ஆம் பிரிவு, அப்படிப்பட்ட உணவை விற்றவருக்கும் பொறுப்பு உண்டு என்று நேரடியாகச் சொல்கிறது. 52-ஆம் பிரிவில் அபராதம் 3 லட்சம் ரூபாய் வரை. ஒரு பேட்சில் ஒரு பகுதி பாதுகாப்பற்றது என்றால், விரிவாக ஆராய்ந்து வேறுவிதமாக நிரூபிக்கும்வரை அந்த பேட்ச் முழுவதும் பாதுகாப்பற்றது என்று கொள்ளவேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. கடைக்காரர் டப்பாக்களை எடுத்துவைப்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் சலுகை அல்ல.

டப்பாவில் பச்சைப் புள்ளி இருந்ததே என்று சிலர் கேட்டார்கள். பச்சைப் புள்ளி பாலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நம் விதிப்படி பால் சைவம். ‘ஃப்ரோஸன் டெசர்ட்’ என்ற பெயரும் அப்படியே. பால் கொழுப்புக்குப் பதில் தாவரக் கொழுப்பு என்பதே அதன் பொருள். கடையில் இருக்கும் பெரும்பாலான ஃப்ரோஸன் டெசர்ட்டில் பால் பவுடர் உண்டு.

கடிதம் போன அன்று மாலையே கடையில் டப்பாக்களை எடுத்துவிட்டார்கள். பிறகு தயாரிப்பாளரிடமிருந்து வந்த பதிலில், பவுடர் வாங்கும் இடம் மாறியதும் புதிய பவுடரில் கேசினேட் இருந்ததும் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. ஆகவே இது ஒரு டப்பாவின் கோளாறு இல்லை, ஒரு பேட்சின் கோளாறுகூட இல்லை.

ஒருவர் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மெல்பர்ன் ஓர் உதாரணம். 2013 டிசம்பரில் அங்கே இந்திய வம்சாவளிச் சிறுவன் ஒருவன், பத்து வயது, டின்னில் அடைத்த தேங்காய் பானத்தைக் குடித்து இறந்தான். அவனுக்கும் பால் ஒவ்வாமை. பானத்தில் பால் இருந்தது, லேபிளில் அது சொல்லப்படவில்லை. இறக்குமதி செய்த நிறுவனத்துக்கு நீதிமன்றம் அபராதம் விதித்தது. உணவால் கடும் ஒவ்வாமை வந்த ஒருவரைப் பற்றிச் சுகாதாரத் துறைக்குச் சொல்ல அன்று மருத்துவமனைகளுக்குச் சட்டக் கடமை இல்லை. அந்த மரணத்தின் விசாரணைக்குப் பிறகே விக்டோரியா மாநிலம் சட்டத்தை மாற்றியது. 2018 நவம்பர் 1 முதல் அங்கே மருத்துவமனைகள் இப்படிப்பட்ட ஒவ்வாமை நிகழ்வுகளைக் கட்டாயம் அறிவிக்கின்றன. பொட்டலத்தில் அடைத்த உணவு காரணம் என்று சந்தேகம் இருந்தால் உடனடியாக. அந்தத் தகவலை வைத்து டின்னும் டப்பாவும் சோதனைக்குப் போகின்றன.

நம் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, உணவு நஞ்சாகிப் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவர்கள் தெரிவிக்கவேண்டும் என்று உத்தரவிட உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. ஒவ்வாமையை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அதையும் சேர்த்து ஆணையம் உத்தரவிட வேண்டும். என் தங்கை மகன் இருந்த மருத்துவமனையில் டப்பாவின் பெயரைக்கூட யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை.

உங்கள் வீட்டில் ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால், பொட்டல உணவு எதையும் முதல் வாய் கொடுப்பதற்கு முன் லேபிளையும் பேட்ச் எண்ணையும் செல்போனில் படம் எடுத்துவையுங்கள். ஏதாவது நடந்தால் முதலில் அட்ரினலின், ஆஸ்பத்திரி. அலர்ஜி மாத்திரையை நம்பி வீட்டில் காத்திருக்காதீர்கள். பிள்ளை தேறியதும் டப்பாவை ஃப்ரீசரில் வைத்துவிட்டு, அன்றே கடைக்கு எழுதுங்கள், நகலை உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்புங்கள். அதே பேட்ச் டப்பா இன்னொரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.